9.64-க்கு 17, 9.80-க்கு 9: ஆய்வக அறிக்கைகளைத் திருத்திய கதை

தனி ஊசல் சோதனையில் ஈர்ப்பு முடுக்கம் 9.80 என்று எழுதிய மாணவனுக்கு 20-க்கு 9 மதிப்பெண். 9.64 என்று எழுதிய மாணவிக்கு 17. இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்த சக ஆசிரியர் ஒருவர், "மேடம், மாற்றிப் போட்டுவிட்டீர்களா?" என்று கேட்டார். மாற்றிப் போடவில்லை. ஏன் அப்படி என்பதை அவருக்கு விளக்கியதுதான் இந்தப் பதிவு. கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. அங்கே புழங்கும் மதிப்பெண் அளவுகோலை, அதாவது ரூப்ரிக்கை, இந்த ஒரு சோதனையை வைத்தே சொல்கிறேன்.

முன்பு எங்களிடம் இருந்த முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். சூத்திரத்துக்கு இத்தனை, அட்டவணைக்கு இத்தனை, வரைபடத்துக்கு இத்தனை, விடை சரியாக இருந்தால் இத்தனை. அதில் கடைசி வரிதான் எல்லாக் கேட்டுக்கும் காரணம். விடை 9.8-ஐ ஒட்டி வந்தால் முழு மதிப்பெண் என்று சொல்லிவிட்டால், மாணவர்கள் 9.8-லிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அலைவு நேரத்தை எழுதிக்கொள்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாம் எதற்கு மதிப்பெண் தருகிறோமோ அதைத்தான் அவர்கள் தயாரித்துத் தருகிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டில் அந்த விடையே 9.8 இல்லை. பூமியின் ஈர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 9.78, துருவத்தில் 9.83. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சென்னையிலும் மதுரையிலும் 9.78-தான். 9.80665 என்பது 1901-இல் சர்வதேச அளவில் ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரு நியம மதிப்பு, அவ்வளவே. ஆக 9.81 என்று கச்சிதமாக எழுதிவரும் மாணவர் லண்டனின் விடையைக் கொண்டுவந்திருக்கிறார்.

இப்போது எங்கள் அளவுகோலில் நான்கு வரிசைகள். செய்முறைக்கு 4, முடிவுகளுக்கு 6, பிழை ஆய்வுக்கு 6, முடிவுரைக்கு 4. விடை சரியா தவறா என்பதற்குத் தனியாக ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. விடை எவ்வளவு விலகியிருக்கிறது, ஏன் விலகியிருக்கிறது என்று மாணவரே சொல்லும் இடத்தில்தான் அது மதிப்பெண்ணாக மாறும். இந்தத் தாளைச் சோதனை தொடங்கும் முன்பே மாணவர்கள் கையில் கொடுத்துவிடுவோம்.

செய்முறை வரிசையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பெரும்பாலான மாணவர்கள் ஆய்வகக் கையேட்டில் உள்ளதை வரிக்கு வரி எழுதிவிடுவார்கள். 'நூலின் நீளம் அளக்கப்படுகிறது', 'அலைவு நேரம் குறிக்கப்படுகிறது' என்று எல்லாமே யாரோ செய்ததுபோல இருக்கும். அதற்கு 2-க்கு மேல் கிடையாது. மூன்றாவது, நான்காவது மதிப்பெண் வேண்டுமென்றால், இந்தச் சோதனையில் மட்டுமே தேவைப்படும் மூன்று விவரங்கள் அறிக்கையில் இருக்க வேண்டும். நீளம் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை அளக்கப்பட்டது? அலைவை எந்த இடத்தில் வைத்து எண்ணினார்கள்? குண்டை எவ்வளவு கோணத்துக்கு இழுத்து விட்டார்கள்? இரண்டாகப் பிளந்த தக்கையின் அடிவிளிம்பில் நூல் தொங்கத் தொடங்கும் இடத்திலிருந்து குண்டின் மையம் வரை என்று எழுதியிருந்தால், அந்த மாணவர் ஊசலின் அருகே நின்று பார்த்தவர் என்று நம்பலாம்.

மூன்றில் ஒன்று குறைந்தால் ஒரு மதிப்பெண் போகும். 17 வாங்கிய மாணவி முதல் விவரத்தை விட்டுவிட்டாள். செய்முறையில் 4-க்கு 3. அவள் எழுதாமல் விட்ட அந்த ஒரு வரிக்குள்தான் அவளுடைய பிழையும் இருந்தது என்பது பிறகு தெரியவரும்.

முடிவுகள் வரிசையில் நான் முதலில் தேடுவது, அளக்கும்போதே எழுதிய எண்களை. அழகாகப் படியெடுத்த ரெக்கார்டு நோட்டு எனக்கு இரண்டாம்பட்சம். அன்றைக்கே ஆய்வகத்தில் எழுதி, ஆசிரியர் கையெழுத்து வாங்கிய அப்சர்வேஷன் நோட்டுப் பக்கம் அறிக்கையோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். அது இல்லையென்றால் இந்த வரிசையில் 6-க்கு 3-தான் உச்சம். இது யாரையும் பொய்யர் என்று சொல்லாமலேயே வேலையை முடித்துவிடும் விதி. சந்தேகத்துக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது, இல்லாத ஆவணத்துக்குக் குறைக்கலாம்.

மாணவியின் பக்கத்தில் 50 செ.மீ. நீளத்துக்கு 20 அலைவுகளின் நேரம் மூன்று முறை இப்படி இருந்தது: 28.62, 28.78, 28.73 வினாடி. சராசரி 28.71. மாணவனின் அட்டவணையில் மூன்று முறையும் நூறில் ஒரு வினாடி வரை ஒரே எண். நிறுத்துக் கடிகாரம் 0.01 வினாடியைக் காட்டும், ஆனால் அதை அழுத்தும் விரலுக்கு அந்த நுட்பம் கிடையாது. குண்டு நடுநிலையைக் கடப்பதைக் கண்டு விரல் அழுத்துவதற்குள் ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு முன்பின் ஆகத்தான் செய்யும். எண்கள் சிதறவில்லையென்றால் கேள்வி கேட்க வேண்டும். கேட்டேன். "நன்றாக வர வேண்டும் என்றுதான் மேடம்" என்றான். கையெழுத்திட்ட பக்கமும் அவனிடம் இல்லை. கணக்கீடு, அலகு, வரைபடம் எல்லாம் ஒழுங்காக இருந்ததால் 3 கிடைத்தது.

மாணவியின் கணக்கு இதுதான். ஆறு நீளங்களுக்கும் g = 4π²L/T² என்று தனித்தனியே கண்டுபிடித்திருந்தாள். 50 செ.மீ.க்கு 9.58, 60-க்கு 9.59, 70-க்கு 9.64, 80-க்கு 9.67, 90-க்கு 9.66, 100-க்கு 9.68. சராசரி 9.64. அதோடு நீளத்தை x அச்சிலும் அலைவு நேரத்தின் வர்க்கத்தை y அச்சிலும் வைத்து வரைபடமும் வரைந்திருந்தாள். சராசரியைக் கணக்குப்பொறி காட்டியபடி 9.63667 என்று எழுதி, மறுபக்கம்தான் 9.64 என்று சுருக்கியிருந்தாள். முக்கிய எண்ணுருக்களில் இப்படிக் கவனமில்லாமல் இருந்ததற்கு ஒன்று குறைத்தேன். முடிவுகளில் 5.

இனி பிழை ஆய்வு. அளவுகோலின் உயிர் இந்த வரிசையில்தான் இருக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

மாணவர்கள் இந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது பெரும்பாலும் ஒரே மந்திரம்: 'மனிதப் பிழை, காற்றின் தடை, இடமாறு தோற்றப் பிழை ஆகியவற்றால் விடையில் சிறு மாற்றம் ஏற்பட்டிருக்கலாம்.' எந்தச் சோதனைக்கும் இதை ஒட்டிவிடலாம். ஓம் விதிக்குக்கூட காற்றின் தடை எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த வாக்கியத்துக்கு எங்கள் அளவுகோலில் 1 மதிப்பெண். மாணவனுக்குக் கிடைத்தது அதுதான்.

2-க்கும் 3-க்கும் செல்ல வேண்டுமானால் எண் வேண்டும். அளவீட்டின் சிதறலிலிருந்து விடையின் பிழை வரம்பு வரை கணக்குப் போட்டிருக்க வேண்டும். மாணவியின் 50 செ.மீ. அளவீட்டையே எடுத்துக்கொள்வோம். மூன்று நேரங்களுக்குள் மிகப் பெரியதுக்கும் மிகச் சிறியதுக்கும் உள்ள வேறுபாடு 0.16 வினாடி, அதில் பாதி 0.08. இது 28.71-இல் 0.28 விழுக்காடு. சூத்திரத்தில் T வர்க்கமாக இருப்பதால் இது இரட்டிப்பாகும், 0.56 விழுக்காடு. நீளத்தை அளந்த மீட்டர் கோலின் மீச்சிற்றளவு 1 மி.மீ. என்பதால் நீளத்தில் 0.2 விழுக்காடு. இரண்டையும் கூட்டினால் 0.76 விழுக்காடு. 9.58-இல் அது 0.07. ஆக விடை 9.58 ± 0.07.

இங்கே பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நேரத்தின் பிழையாகக் கடிகாரத்தின் மீச்சிற்றளவான 0.01 வினாடியை எடுத்துக்கொள்வார்கள். உடனே பிழை வரம்பு சுருங்கி, விடை ஏதோ தேசிய ஆய்வகத்தில் எடுத்ததுபோலத் தோன்றும். கருவியின் மீச்சிற்றளவைவிடக் கையின் சிதறல் பெரிதாக இருக்கும்போது சிதறலைத்தான் எடுக்க வேண்டும். இதைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களா என்பதுதான் 2-க்கும் 3-க்கும் நடுவில் உள்ள கோடு.

இன்னொரு குழப்பமும் உண்டு. புத்தகத்தில் உள்ள மதிப்புக்கும் தன் விடைக்கும் உள்ள வேறுபாட்டை விழுக்காடாக எழுதி, 'பிழை 1.6%' என்று முடித்துவிடுவார்கள். அது பிழை வரம்பு அன்று. புத்தக மதிப்பே தெரியாத ஓர் அளவை அளந்தாலும் பிழை வரம்பைச் சொல்ல முடிய வேண்டும். அந்த வேறுபாட்டை எழுதுவதில் தவறில்லை, ஆனால் அதற்கு வேலை வேறு: வரம்புக்குள் அது அடங்குகிறதா என்று பார்ப்பதற்கு.

மாணவியின் விஷயத்தில் அடங்கவில்லை. நம் ஊர் மதிப்பு 9.78. அவளுடைய 9.58 அதிலிருந்து 0.20 தள்ளியிருக்கிறது, வரம்போ 0.07-தான். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கையின் தடுமாற்றத்தால் வந்த விலகல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. எல்லா அளவீட்டையும் ஒரே பக்கமாக இழுக்கும் முறையான பிழை ஒன்று உள்ளே இருக்கிறது. 4 முதல் 6 வரை மதிப்பெண் தரும் இடம் இதுதான். அளவுகோலில் நாங்கள் எழுதியிருக்கும் வாசகம்: 'விலகலுக்குக் குறிப்பிட்ட ஒரு காரணம் சொல்லி, அது விடையை எந்தப் பக்கம், ஏறத்தாழ எவ்வளவு தள்ளும் என்று காட்டி, தன் அளவீடுகளிலிருந்தே அதற்குச் சான்று தருகிறார்.'

எந்தப் பக்கம் என்ற கேள்வி பாதிக் காரணங்களைத் தூக்கி எறிந்துவிடும். காற்றில் குண்டு மிதப்பதன் விளைவைக் கணக்குப் போட்டால், பித்தளைக் குண்டுக்கு அது 0.02 விழுக்காட்டைக்கூட எட்டாது. இரண்டு விழுக்காட்டு விலகலுக்கு அதைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. வீச்சு பெரிதாக இருந்திருந்தால்? 10 பாகைக்கு இழுத்து விட்டால் g ஏறத்தாழ 0.4 விழுக்காடு குறையும், 20 பாகைக்கு 1.5 விழுக்காடு. பக்கம் சரி, ஆனால் அது எல்லா நீளங்களிலும் g-ஐ ஒரே விழுக்காட்டில் குறைக்கும், மாணவியின் g-யோ நீளத்தோடு மாறுகிறது. எண்ணிக்கையில் தவறு நடந்திருந்தால்? கடிகாரத்தை அழுத்தும்போது 'பூஜ்ஜியம்' என்று தொடங்காமல் 'ஒன்று' என்று தொடங்குபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அவர்கள் 19 அலைவுகளின் நேரத்தை 20-ஆல் வகுக்கிறார்கள், விடை 10.8-ஐ ஒட்டி வந்து நிற்கும். 10.8 என்று ஒரு தாள் வந்தால் நான் மேலே படிக்காமலேயே காரணத்தைச் சொல்லிவிடுவேன். மாணவியின் விடையோ குறைவு, அதனால் இதுவும் இல்லை.

அவள் எழுதியிருந்தது இது. 'நீளம் கூடக் கூட g-யும் கூடுகிறது. 50 செ.மீ.க்கு 9.58, 100 செ.மீ.க்கு 9.68. வரைபடத்தின் கோடு ஆதிப்புள்ளி வழியாகச் செல்லவில்லை, x அச்சை ஏறத்தாழ −1.2 செ.மீ.இல் வெட்டுகிறது. எனவே எல்லா நீளங்களும் 1 செ.மீ. அளவுக்குக் குறைவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். குண்டின் ஆரம் 1.05 செ.மீ. நூலின் நீளத்தோடு இதைக் கூட்டவில்லை என்று நினைக்கிறேன். கோட்டின் சாய்வை இந்தத் தவறு மாற்றாது. சாய்வு 4.03, அதிலிருந்து g 9.80.'

இதைப் படித்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நீளத்தில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் 50 செ.மீ. ஊசலில் அது 2 விழுக்காடு, 100 செ.மீ. ஊசலில் 1 விழுக்காடு. அதனால்தான் g படிப்படியாக ஏறியது. வரைபடத்தில் எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு இடப்பக்கம் நகர்ந்திருக்கின்றன, கோட்டின் சரிவு மட்டும் அப்படியே இருக்கிறது. அவளுடைய 9.64 பிழையான எண், ஆனால் அந்தப் பிழைக்குப் பெயர், பக்கம், அளவு மூன்றும் தெரியும். சாய்விலிருந்து வந்த 9.80-க்கு வரம்பு சொல்லவில்லை என்பதால் ஒன்று குறைத்து 5 கொடுத்தேன். புள்ளிகளுக்கு நடுவே செல்லக்கூடிய மிகச் செங்குத்தான கோட்டையும் மிகச் சரிந்த கோட்டையும் வரைந்து பார்த்திருந்தால் அதுவும் கிடைத்திருக்கும்.

இதில் ஆசிரியர்களுக்கான ஒரு வேலை இருக்கிறது. x அச்சை 40-இல் தொடங்கி வரைந்திருந்தால் அந்த −1.2 அவள் கண்ணில் பட்டே இருக்காது. தாளை வீணாக்கக் கூடாது என்று அச்சைப் பாதியில் தொடங்கச் சொல்லும் பழக்கம் பல ஆய்வகங்களில் உண்டு. மற்றச் சோதனைகளில் அது நல்ல பழக்கமாகவே இருக்கலாம். இங்கே இரண்டு அச்சுகளும் பூஜ்ஜியத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்தே தொடங்க வேண்டும் என்று முடிவுகள் வரிசையில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.

நீளத்தை அளப்பதில் நடந்த தவறுக்கு அவளுக்கு எங்கே மதிப்பெண் குறைந்தது என்று கேட்கலாம். செய்முறையில் ஒன்று, அத்துடன் சரி. அதே தவறு கணக்கீட்டையும் விடையையும் பாதித்திருந்தாலும் மறுபடி மறுபடி குறைக்கக் கூடாது. தவறான எண்ணை வைத்துச் சரியாகக் கணக்குப் போட்டிருந்தால் கணக்குக்கு உரிய மதிப்பெண் முழுமையாக உண்டு. ஒரே குற்றத்துக்கு நான்கு இடத்தில் தண்டனை என்றால், அடுத்த முறை அந்த மாணவி குற்றத்தையே மறைத்துவிடுவாள்.

முடிவுரை வரிசைக்கு வருவோம். 'இவ்வாறு தனி ஊசலைக் கொண்டு ஈர்ப்பு முடுக்கம் கண்டறியப்பட்டது' என்ற ஒற்றை வரிக்கு 1. விடையை அலகோடு சொன்னால் 2, மாணவனுக்கு அதுதான். பிழை வரம்போடு, அல்லது எந்த விடையை எந்தக் காரணத்துக்காக நம்பலாம் என்ற விளக்கத்தோடு சொல்லி, ஏற்றுக்கொள்ளப்பட்ட மதிப்போடு ஒத்துப்போகிறதா இல்லையா என்று வெளிப்படையாக எழுதினால் 3. நான்காவது மதிப்பெண் திருத்த யோசனைக்கு. அந்த யோசனை, பிழை ஆய்வில் எது பெரியது என்று வந்ததோ அதைக் குறிவைக்க வேண்டும். 'இன்னும் துல்லியமான கருவிகளைப் பயன்படுத்தலாம்' என்பதற்கு ஒன்றும் கிடையாது. வாங்கித் தரப்போவது யார்? நேரத்தின் பிழை பெரிதாக இருந்தால் 20 அலைவுகளுக்குப் பதில் 40 எண்ணலாம், விரலின் தடுமாற்றம் அப்படியே இருக்கும், அது இரட்டிப்பு நேரத்தில் பங்கிடப்படும். மாணவி, 'குண்டின் விட்டத்தை வெர்னியர் அளவியால் முதலில் அளந்து, நீளத்துக்கான கட்டத்தை "நூல் + ஆரம்" என்று இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும்' என்று எழுதியிருந்தாள். 4-க்கு 4. இப்போது எங்கள் அட்டவணையின் அச்சிட்ட படிவத்தில் அந்தப் பிரிவு இருக்கிறது.

கூட்டிப் பார்த்தால் மாணவிக்கு 3, 5, 5, 4, மாணவனுக்கு 3, 3, 1, 2. பழைய முறையில் திருத்தியிருந்தால் அவன்தான் முன்னால் நின்றிருப்பான், விடைக்கான மதிப்பெண்ணும் அழகான நோட்டுக்கான சலுகையும் சேர்ந்து.

இந்த அளவுகோல் ஒரே நாளில் வந்ததில்லை. அதை எழுதிய கையோடு நாங்கள் செய்த உருப்படியான காரியம், ஒரே கட்டு அறிக்கைகளை இரண்டு பேர் தனித்தனியே திருத்தியதுதான். ஒருவர் போட்ட மதிப்பெண் மற்றவருக்குத் தெரியாது. இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் வேறுபட்ட தாள்களை மட்டும் எடுத்து வைத்து, எந்த வரிசையில் பிரிந்தோம் என்று பார்த்தோம். ஏறத்தாழ எல்லாமே பிழை ஆய்வில். காரணம், முதல் வரைவில் 'பிழைகளை நன்கு விளக்குகிறார்', 'ஓரளவு விளக்குகிறார்' என்று எழுதியிருந்தோம். என் 'நன்கு' வேறு, மூத்த பேராசிரியரின் 'நன்கு' வேறு. அந்தச் சொற்களை எல்லாம் நீக்கிவிட்டு, தாளில் விரல் வைத்துக் காட்டக்கூடியதை மட்டும் எழுதினோம்: எண் இருக்கிறதா, பக்கம் சொல்லப்பட்டிருக்கிறதா, சொந்த அளவீட்டிலிருந்து சான்று இருக்கிறதா. அதற்குப் பிறகு தகராறு வெகுவாகக் குறைந்தது.

குறைகளும் உண்டு. நேரம் அதிகம் ஆகிறது, அறுபது நோட்டுகளை ஒரு மாலைக்குள் முடித்த காலம் போய்விட்டது. அதனால் பருவத்தில் உள்ள எல்லாச் சோதனைகளுக்கும் இதைப் பயன்படுத்துவதில்லை. ஒன்றிரண்டு சோதனைகளுக்கு முழு அறிக்கை, மற்றவற்றுக்கு அட்டவணையும் கணக்கும் மட்டும். அடுத்து, போன ஆண்டு மாணவர்களின் நல்ல அறிக்கையைப் பார்த்து 'ஆரத்தைக் கூட்டவில்லை' என்று எல்லாரும் எழுதத் தொடங்கினார்கள், கூட்டியவர்கள் உட்பட. சான்று கேட்கும் வரி இருந்ததால் தப்பித்தோம். கோடு ஆதிப்புள்ளி வழியாகச் செல்லும் வரைபடத்தை ஒட்டிவைத்துக்கொண்டு ஆரத்தை மறந்ததாக எழுத முடியாது.

வேதியியல் துறையில் எங்கள் தாளை அப்படியே எடுத்துத் தரம்பார்த்தல் சோதனைக்குப் போட்டுப் பார்த்தார்கள், முதல் வாரமே சிக்கியது. அங்கே சாய்வும் இல்லை, வெட்டும் இல்லை. அவர்களுக்கான பிழை வரிசையை மறுபடி உட்கார்ந்து எழுதினோம். பியூரெட் அளவீடுகளில் அடுத்தடுத்த இரண்டு 0.1 மி.லி.க்குள் ஒத்துப்போக வேண்டும், முதல் தோராய அளவீட்டைச் சராசரியில் சேர்க்கக் கூடாது, நிறம் மாறிய பின்னும் ஒரு துளி கூடுதலாக விழுந்தால் விடை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டும். ஒரு துளி ஏறத்தாழ 0.05 மி.லி. என்பதால் அவர்களால் அதை எண்ணாகவும் எழுத முடிகிறது. செய்முறை, முடிவுரை வரிசைகளில் சோதனைக்கே உரிய விவரங்களை மாற்றியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.